அரசனை விசாரிக்கச் சட்டம் எங்கே?

1648 டிசம்பர் 6, புதன்கிழமை காலை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் காமன்ஸ் சபைக்கு ஏறும் படிக்கட்டின் மேல் கர்னல் தாமஸ் பிரைட் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெயர்ப் பட்டியல், சுற்றிலும் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள். யார் எந்த உறுப்பினர் என்று ஆள் காட்டுவதற்குக் கிரோபியின் பிரபு தாமஸ் கிரே பக்கத்திலேயே நின்றார். பட்டியலில் பெயர் இருந்த உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, அன்றிரவு அருகிலிருந்த ஒரு மதுக்கடையில் அடைத்து வைத்தார்கள். அந்தக் கடைக்கு ஊரார் வைத்திருந்த பெயர் 'நரகம்'.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர். அரசருக்கும் ஆயர்களுக்கும் எதிராக எழுதினார் என்பதற்காக முதலாம் சார்லஸின் நீதிமன்றம் இரண்டு முறை அவருடைய காதுகளை அறுத்திருந்தது. அந்த மனிதரைத்தான் இப்போது அரசரின் எதிரிகள் படியிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். காரணம், அரசரோடு சமாதானம் பேசலாம் என்பது அவருடைய கட்சி. அவர் தனி ஆளும் அல்ல. பேச்சுவார்த்தையைத் தொடரலாம் என்று அதற்கு முந்தைய நாள்தான் காமன்ஸ் சபை 83 வாக்குகளுக்கு எதிராக 129 வாக்குகளால் முடிவு செய்திருந்தது.

நாடாளுமன்றம் அரசனைக் கொன்றது என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்துவிடுகிறோம். உண்மையில், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் சார்லஸைக் கொல்ல ஒருபோதும் சம்மதித்திருக்காது. அவரைக் கொல்ல விரும்பியவர்கள் முதலில் அந்த நாடாளுமன்றத்தை உடைக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் பெயரால் ஆறு ஆண்டுகள் சண்டை போட்டவர்கள் கடைசியில் சட்டமே இல்லாத ஒரு இடத்தில் வந்து நின்றது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

சார்லஸ் 1625-இல் பட்டத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், திக்குவாய், கூச்ச சுபாவம். ஓவியங்கள் மேல் நல்ல ரசனை உண்டு, மனைவி பிள்ளைகள் மேல் பாசமும் உண்டு. இல்லாதது வளைந்து கொடுக்கும் குணம். அரசன் கடவுளுக்கு மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டியவன் என்று உளமார நம்பினார். அதனால் குடிமக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது அவருக்குப் பாவமாகவே தோன்றவில்லை. அவரோடு பேரம் பேசிய எல்லோரும் கடைசியில் ஏமாந்ததற்கு இதுதான் வேர்.

1629 முதல் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆண்டார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் புதிய வரி போட முடியாது என்பதால் பழைய வரிகளைத் தூசு தட்டி எடுத்தார். அவற்றில் பேர்போனது கப்பல் வரி. போர் ஆபத்து வரும்போது கடற்கரை ஊர்கள் கப்பலோ அதற்கு ஈடான பணமோ தர வேண்டும் என்பது பழைய வழக்கம். சார்லஸ் அதை அமைதிக் காலத்திலும், கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களிலும், ஆண்டுதோறும் வாங்கத் தொடங்கினார். பக்கிங்ஹாம்ஷர் நிலக்கிழாரான ஜான் ஹாம்ப்டன் தன் நிலம் ஒன்றுக்கான பங்காக இருபது ஷில்லிங் கட்ட மறுத்து வழக்காடினார். அவருடைய செல்வத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லாத தொகை. பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் அரசர் பக்கமும் ஐந்து பேர் ஹாம்ப்டன் பக்கமும் தீர்ப்புச் சொன்னார்கள். அரசர் ஜெயித்தார். ஆனால் அரசரே நியமித்த நீதிபதிகளில் ஐந்து பேர் எதிராகச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்திதான் ஊரெங்கும் பரவியது.

இந்த ஏற்பாடு ஒரு போர் வராதவரை ஓடும். போரை வரவழைத்தவரும் சார்லஸேதான். அவர் ஸ்காட்லாந்துக்கும் அரசர். 1637-இல் அந்த நாட்டுத் திருச்சபையின் மேல் இங்கிலாந்து பாணியிலான புதிய வழிபாட்டுப் புத்தகம் ஒன்றைத் திணித்தார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது கத்தோலிக்க வாடை அடித்தது. படை திரட்டி எதிர்த்தார்கள், வட இங்கிலாந்துக்குள் புகுந்து உட்கார்ந்தும்விட்டார்கள். அவர்களை எதிர்க்கவும் காசில்லை, திருப்பி அனுப்பவும் காசில்லை. வேறு வழியின்றி 1640 நவம்பரில் அரசர் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். பதினோரு ஆண்டு ஆத்திரத்தோடு வந்தவர்கள் கப்பல் வரியைச் செல்லாததாக்கினார்கள். அரசரின் வலக்கையாக இருந்த ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்த ஆணையில் சார்லஸே கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் குற்ற உணர்வு அவரைக் கடைசி நாள்வரை விடவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். கேட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஆனால் 1641 அக்டோபரில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்க ஒரு படை வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்தப் படைக்குத் தலைமை யார் என்பதில்தான் சிக்கல். அரசரிடம் கொடுத்தால், அயர்லாந்தை முடித்துவிட்டு அதே படையை நம் மேல் திருப்புவார் என்று ஜான் பிம் தலைமையிலான உறுப்பினர்கள் பயந்தார்கள். படை அரசனுடையது, அதில் கை வைப்பது கிரீடத்திலேயே கை வைப்பது என்றார் சார்லஸ். வரியைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் பேசித் தீர்க்கலாம். வாள் யார் கையில் என்ற கேள்வியைப் பாதி பாதியாகப் பிரிக்க முடியவில்லை.

1642 ஜனவரி 4 அன்று சார்லஸ் சுமார் நானூறு ஆயுதம் தாங்கியவர்களோடு காமன்ஸ் சபைக்கே நேரில் வந்தார். பிம், ஹாம்ப்டன், டென்சில் ஹோல்ஸ் உட்பட ஐந்து உறுப்பினர்களை ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கைது செய்ய வேண்டும் என்பது நோக்கம். சபாநாயகரின் நாற்காலியில் போய் நின்று பார்த்தார். ஐந்து பேரும் முன்பே தகவல் தெரிந்து படகேறிப் போயிருந்தார்கள். எங்கே அவர்கள் என்று சபாநாயகர் லெந்தாலைக் கேட்டார். இந்தச் சபை காட்டுவதைப் பார்க்கவும் சபை சொல்வதைப் பேசவும் மட்டுமே இங்கே எனக்குக் கண்ணும் நாவும் உண்டு என்று லெந்தால் மண்டியிட்டுப் பதில் சொன்னார். அரசர் வெறுங்கையோடு திரும்பினார். ஒரு வாரத்துக்குள் குடும்பத்தோடு லண்டனை விட்டே போய்விட்டார். அடுத்த முறை அவர் லண்டனுக்கு வந்தது கைதியாக.

1642 ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் சார்லஸ் தன் போர்க்கொடியை ஏற்றினார். போரின் ஒவ்வொரு சண்டையையும் இங்கே சொல்லத் தேவையில்லை. வடக்கும் மேற்கும் பெரும்பாலும் அரசர் பக்கம். லண்டனும் தென்கிழக்கும் துறைமுகங்களும் கடற்படையும் நாடாளுமன்றத்தின் பக்கம். நீண்ட போரில் பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெற்றியும் போய்ச் சேரும் என்பதால் காலம் நாடாளுமன்றத்துக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் அது தெரியவில்லை. ஏனென்றால் நாடாளுமன்றத்தின் தளபதிகளுக்கே ஜெயிப்பதில் பயம் இருந்தது.

நாடாளுமன்றம் போரிட்டது அரசனுக்கு எதிராக என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. 'அரசருக்காகவும் நாடாளுமன்றத்துக்காகவும்' என்றே சொல்லிக்கொண்டது. கெட்ட ஆலோசகர்களிடமிருந்து அரசரை மீட்கிறோம் என்பது சாக்கு. இந்தச் சாக்கின் ஓட்டையை மான்செஸ்டர் பிரபு 1644-இல் போட்டு உடைத்தார். அரசரைத் தொண்ணூற்றொன்பது முறை தோற்கடித்தாலும் அவர் அரசர்தான், அவருக்குப் பின் அவர் வாரிசும் அரசர்தான். அவர் ஒரே ஒரு முறை ஜெயித்தால் நாம் எல்லோரும் தூக்கில் தொங்குவோம் என்றார். அப்படியானால் எதற்காக ஆயுதம் எடுத்தோம் என்று அவருக்குக் கீழே இருந்த குதிரைப்படைத் தலைவர் ஒருவர் திருப்பிக் கேட்டார். அவர் பெயர் ஆலிவர் கிராம்வெல். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

1645-இல் கிராம்வெல் போன்றவர்களின் கை ஓங்கியது. பிரபுக்களைத் தலைமையிலிருந்து விலக்கி, ஒழுங்கான சம்பளத்தோடு, சிவப்புச் சட்டையோடு 'புதிய மாதிரிப் படை' உருவானது. தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ். குதிரைப்படை கிராம்வெல்லிடம். பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து ஆட்களை உயர்த்திய படை என்பதால் சாதாரணத் தொழில் செய்தவர்கள்கூட அதில் கர்னல்கள் ஆனார்கள். சண்டைக்கு முன் ஜெபிப்பார்கள். ஜெயித்தால் அது கடவுளின் தீர்ப்பு என்று நம்புவார்கள். இந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று நேஸ்பியில் அரசரின் முக்கியப் படையை அவர்கள் நொறுக்கினார்கள். அங்கே அரசரின் கடிதப் பெட்டியும் சிக்கியது. அயர்லாந்துக் கத்தோலிக்கரையும் அந்நியப் படைகளையும் கொண்டுவர அவர் போட்ட திட்டமெல்லாம் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. நாடாளுமன்றம் அதை அச்சடித்தே விற்றது.

தோற்ற பிறகும் சார்லஸ் அசரவில்லை. தான் இல்லாமல் எந்த ஏற்பாடும் நிற்காது, எதிரிகளுக்குள்ளேயே மூன்று கட்சி இருக்கிறது, ஒருவருக்கு எதிராக மற்றவரைத் திருப்பினால் போதும் என்று கணக்குப் போட்டார். 1646-இல் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார். அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி பேசி முடிக்கப்பட்டதும் அவர்கள் அவரை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1647 ஜூனில் ஜார்ஜ் ஜாய்ஸ் என்ற இளநிலை அதிகாரி சில நூறு குதிரைவீரர்களோடு வந்து அரசரை நாடாளுமன்றத்தின் காவலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார். எந்த உத்தரவின்படி என்று சார்லஸ் கேட்டபோது ஜாய்ஸ் தனக்குப் பின்னால் நின்ற வீரர்களைக் கை காட்டினார். தெளிவான எழுத்தில் எழுதப்பட்ட உத்தரவுதான் என்று அரசர் சிரித்தார். எந்த அதிகாரத்தில் என்ற அதே கேள்வியை இன்னும் ஒன்றரை ஆண்டில் அவர் மறுபடி கேட்கப்போகிறார், அப்போது சிரிக்காமல்.

நவம்பரில் அவர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலிருந்து தப்பி ஒயிட் தீவுக்குப் போனார். அங்கேயும் கோட்டைச் சிறைதான் கிடைத்தது. ஒருமுறை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்துக் கம்பிகளுக்கு நடுவே உடம்பு மாட்டிக்கொண்டு திணறினார். அந்தச் சிறையிலிருந்தே, நாடாளுமன்றத்தோடு சமாதானம் பேசிக்கொண்டே, இன்னொரு கையால் ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார். 1648-இல் அவர்களின் படை இங்கிலாந்துக்குள் வந்தது. கென்ட், எசெக்ஸ், வேல்ஸ் பகுதிகளில் அரசர் தரப்புக் கலகங்கள் வெடித்தன. கிராம்வெல் பிரெஸ்டனில் ஸ்காட்லாந்துப் படையை முறித்தார்.

அரசரின் தலையைக் கொண்டுபோனது முதல் போரல்ல, இந்த இரண்டாவது போர்தான். முதல் போரின் முடிவைக் கடவுளே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார் என்று படையினர் நம்பினார்கள். அப்படியிருக்க மீண்டும் ரத்தம் சிந்த வைத்தவன் கடவுளின் தீர்ப்பையே மறுத்தவன் ஆகிறான். படை அதிகாரிகள் வின்ட்ஸரில் கூடி ஜெபித்து அழுது, சார்லஸ் ஸ்டூவர்ட்டை 'ரத்தப்பழிக்காரன்' என்று அழைத்தார்கள். சிந்திய ரத்தத்துக்குப் பழிவாங்கப்படும்வரை நிலம் தூய்மையாகாது என்பது அவர்கள் படித்த வேதாகமத்தின் வாக்கு. வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்திருந்தவர்களோ, வரிச்சுமையாலும் படையின் திமிராலும் சலித்துப்போய், எப்படியாவது அரசரோடு ஒப்பந்தம் முடிந்தால் போதும் என்றிருந்தார்கள். இந்த இரண்டு மனநிலைகளும் மோதியதன் விளைவுதான் பிரைடின் பட்டியல்.

களையெடுத்த பின் எஞ்சிய சிறு சபையை 'ரம்ப்' என்று ஊரார் கேலி செய்தார்கள். விலங்கின் பின்பகுதி இறைச்சி என்று அர்த்தம். அந்த மிச்ச சபை 1649 ஜனவரி 1 அன்று அரசரை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபையில் அன்றைக்கு வந்திருந்தது ஒரு டஜன் பேர்தான். அவர்கள்கூட அதை நிராகரித்தார்கள்.

அவர்கள் நிராகரிக்கச் சட்டக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் ராஜத்துரோகம் என்ன என்பதை வரையறுத்த சட்டம் 1352-ஆம் ஆண்டு எட்வர்ட் மன்னர் காலத்தது. அரசனின் மரணத்தைத் திட்டமிடுவதும் அரசனுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் துரோகம் என்று அது சொல்கிறது. அரசன் குடிமக்களுக்குத் துரோகம் செய்யலாம் என்று அதில் எங்கும் இல்லை. எல்லா நீதிமன்றமும் அரசன் பெயரில்தான் நடக்கிறது, எல்லாக் குற்றவியல் வழக்கும் அரசன் தொடுப்பதாகத்தான் எழுதப்படுகிறது. அரசனே அரசன்மேல் வழக்குத் தொடுத்து, அரசனின் நீதிமன்றத்தில் அரசனைத் தண்டிப்பது எப்படி? நாட்டின் மூத்த நீதிபதிகள் இதில் தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

காமன்ஸ் சபையின் பதில் ஜனவரி 4 அன்று வந்தது. கடவுளுக்குக் கீழே எல்லா நியாயமான அதிகாரத்துக்கும் மூலம் மக்களே. மக்கள் தேர்ந்தெடுத்த காமன்ஸ் சபையே நாட்டின் உச்ச அதிகாரம். அது சட்டம் என்று சொன்னால் அரசரும் பிரபுக்களும் ஒப்பாவிட்டாலும் அது சட்டமே. இதைப் படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. இதைச் சொன்ன சபைக்குள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் நுழைய முடியாதபடி வாசலில் துப்பாக்கி நின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

நீதிபதிகளாக 135 பேரை நியமித்தார்கள். முதல் கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. படைத்தளபதி ஃபேர்ஃபாக்ஸ் அந்த ஒரு கூட்டத்துக்கு வந்தார், பிறகு தலைகாட்டவே இல்லை. அல்ஜெர்னான் சிட்னி என்ற இளம் உறுப்பினர் எழுந்து, இந்த நீதிமன்றத்தால் அரசரை விசாரிக்க முடியாது, வேறு எந்த மனிதனையும்கூட விசாரிக்க முடியாது என்றார். கிரீடத்தோடு சேர்த்தே அவர் தலையை வெட்டுவோம் என்று கிராம்வெல் பதில் சொன்னதாகச் சிட்னி பின்னால் எழுதினார். தலைமை ஏற்கப் பெரிய நீதிபதி யாரும் கிடைக்காததால் ஜான் பிராட்ஷா என்ற அவ்வளவாகப் பெயர் தெரியாத வழக்கறிஞர் தலைவரானார். யாராவது சுட்டுவிடுவார்களோ என்று தன் தொப்பிக்குள் இரும்புத் தகடு வைத்துக்கொண்டார். அந்தத் தொப்பி ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குற்றம் சாட்ட வந்தவர் ஜான் குக். ஏழை விவசாயியின் மகன். பணக்காரர்கள் பின்வாங்கிய வழக்கை மனசாட்சிக்காக எடுத்துக்கொண்டவர் என்றுதான் அவரைப் பற்றி எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 20, சனிக்கிழமை பிற்பகல், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். சார்லஸ் கறுப்பு உடையில் வந்து சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை; இவர்களை நீதிபதிகளாக நான் ஏற்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். குக் குற்றப்பத்திரிகையை வாசிக்க எழுந்தபோது, நிறுத்து என்று தன் கைத்தடியால் அவர் தோளைத் தட்டினார். குக் நிறுத்தவில்லை. மறுபடி தட்டினார். தடியின் வெள்ளிப் பூண் கழன்று தரையில் விழுந்து உருண்டது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று அரசர் காத்திருந்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் கீழே போட்ட எதையும் வேறொருவர்தான் எடுத்திருப்பார். அன்று யாரும் அசையவில்லை. அவரே குனிந்து எடுத்தார். அது நல்ல சகுனமாகத் தனக்குப் படவில்லை என்று பின்னர் தனிமையில் அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

குக் வாசித்த குற்றச்சாட்டின் சாரம் எளிமையானது. அரசனுக்கு நாட்டின் சட்டப்படி ஆள்வதற்கு ஒரு வரம்புக்குட்பட்ட அதிகாரம் நம்பி ஒப்படைக்கப்பட்டது. அதை வைத்து மக்கள் மேலேயே போர் தொடுத்தவன் கொடுங்கோலன், துரோகி, கொலைகாரன். பழைய சட்டத்தில் துரோகம் அரசனுக்கு எதிரானது. குக்கின் கையில் அது ஒப்படைத்த மக்களுக்கு எதிரானதாக மாறியது. இங்கிலாந்து மக்களின் பெயரால் என்று சொன்னபோது, மாடத்திலிருந்து முகமூடி அணிந்த ஒரு பெண், அவர்களில் கால்வாசிப் பேர்கூட இல்லை என்று கத்தினார். சிப்பாய்கள் மாடத்தை நோக்கித் துப்பாக்கியை உயர்த்தினார்கள். கத்தியவர் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் மனைவி.

பிராட்ஷா அரசரைப் பதில் சொல்லச் சொன்னார். எந்த அதிகாரத்தில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள், அதைச் சொல்லுங்கள், பிறகு பதில் சொல்கிறேன் என்றார் சார்லஸ். உங்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயரால் என்றார் பிராட்ஷா. இது பெரிய சறுக்கல். இங்கிலாந்து என்றைக்குமே தேர்ந்தெடுக்கும் அரசாக இருந்ததில்லை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக வாரிசு அரசு என்று அரசர் மடக்கினார். 22, 23 தேதிகளிலும் அதே கேள்வி, அதே மறுப்பு. சட்டமில்லாத ஒரு பலம் சட்டம் இயற்றத் தொடங்கினால், இந்த நாட்டில் எந்தக் குடிமகனின் உயிருக்கும் உடைமைக்கும் என்ன உறுதி என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் இருந்த திக்குவாய் அந்த நாட்களில் அவரிடம் இல்லவே இல்லை. ஹாம்ப்டனின் இருபது ஷில்லிங்கைப் பிடுங்கிய மனிதர் ஹாம்ப்டனின் வாதத்தையே எடுத்துப் பேசினார். அவருடைய யோக்கியதையை வைத்துப் பார்த்தால் கோபம் வரும். வாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மண்டபத்தில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல மறுப்பவனைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாகவே கருத வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே சாட்சி விசாரணையே தேவையில்லை. ஆனாலும் 24, 25 தேதிகளில், அரசர் இல்லாத ஒரு தனி அறையில், முப்பத்து மூன்று பேரின் சாட்சியத்தைப் பதிந்தார்கள். விவசாயி, நெசவாளர் என்று பெரும்பாலும் எளிய மனிதர்கள். இந்தச் சண்டையில் அரசரை வாளோடு பார்த்தேன், அந்த ஊரில் படையோடு பார்த்தேன் என்றார்கள். 1642-இல் நாட்டிங்ஹாமில் அரசரின் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசிய பெயின்டர் ஒருவர் வந்து, ஆமாம், பூசினேன் என்று சொன்னார். லெஸ்டர் நகரில் சரணடைந்தவர்களை அரசரின் கண் முன்னாலேயே அடித்து வெட்டினார்கள், இன்னும் மூன்று மடங்கு வெட்டினாலும் எனக்குக் கவலையில்லை, அவர்கள் என் எதிரிகள் என்று அரசர் சொன்னார் என்று ஒரு விவசாயி சாட்சி சொன்னார்.

27-ஆம் தேதி தீர்ப்பு. அன்று சார்லஸ் திடீரென்று, தீர்ப்புக்கு முன் பிரபுக்களும் காமன்ஸும் சேர்ந்த கூட்டத்தில் பேச அனுமதி கேட்டார். பிராட்ஷா மறுத்தார். அப்போது நீதிபதிகள் வரிசையில் ஜான் டவுன்ஸ் என்பவர் நெளிய ஆரம்பித்தார். நமக்கு நெஞ்சு கல்லா, நாம் மனிதர்கள் இல்லையா என்று முணுமுணுத்தார். முன்னால் இருந்த கிராம்வெல் திரும்பி அடக்கப் பார்த்தார். டவுன்ஸ் எழுந்தேவிட்டார். நீதிமன்றம் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. பக்கத்து அறையில் கிராம்வெல் அவரைக் கிழிகிழி என்று கிழித்தார். திரும்பி வந்தபோது டவுன்ஸ் வரவில்லை. தலையை உடலிலிருந்து துண்டிக்க வேண்டும் என்ற தண்டனை வாசிக்கப்பட்டது. அறுபத்தேழு பேர் எழுந்து நின்று ஒப்புதல் தெரிவித்தார்கள். அரசர் பேச முயன்றார். தண்டனை பெற்றவன் சட்டத்தின் முன் செத்தவன், அவனுக்குப் பேச்சில்லை என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

மரண ஆணையில் ஐம்பத்தொன்பது கையெழுத்துகளும் முத்திரைகளும் இருக்கின்றன. முதலாவது பிராட்ஷா, இரண்டாவது படிக்கட்டில் ஆள் காட்டிய கிரே, மூன்றாவது கிராம்வெல். தோல் ஆவணத்தில் சில இடங்களைச் சுரண்டி மேலே எழுதியிருப்பது கண்ணுக்கே தெரியும். தேதியிலும் ஆணை பெறும் அதிகாரிகளின் பெயரிலும் மாற்றம் நடந்திருக்கிறது. முதலில் எழுதியவர்களில் சிலர் மறுத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறார்கள். டவுன்ஸும் கையெழுத்திட்டார். ரிச்சர்ட் இங்கோல்ட்ஸ்பி என்பவர் கிராம்வெல் தன் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகப் போட வைத்தார் என்று பிற்காலத்தில் சொன்னார். தழுக்கிக் கோணாமல் ஓடும் அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய். கடுங்குளிர். நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறார் என்பார்களே என்று சார்லஸ் இரண்டு சட்டை போட்டுக்கொண்டார். காலை பத்து மணியளவில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து ஒயிட்ஹாலுக்கு நடந்தே கூட்டிவந்தார்கள். ஆனால் நேரம் ஓடியது, யாரும் கூப்பிடவில்லை. காமன்ஸ் சபைக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்திருந்தது. அரசன் செத்த அந்தக் கணமே அவர் மகன் சட்டப்படி அரசன். மான்செஸ்டர் பிரபு நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னது இதைத்தான். புதிய அரசனை யாரும் பிரகடனம் செய்யக் கூடாது என்று அவசரமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றும்வரை, சாகப்போகிறவர் சில மணி நேரம் காத்திருந்தார்.

இரண்டு மணியளவில் பேங்க்வெட்டிங் ஹவுஸ் மண்டபத்தின் வழியாக நடத்திச் சென்றார்கள். மேலே கூரையில், தன் தந்தை ஜேம்ஸ் தெய்வம்போல் வானேறும் காட்சியை ரூபன்ஸிடம் சொல்லி வரைய வைத்தவர் சார்லஸ்தான். ஜன்னல் வழியாக வெளியே வந்தால் கறுப்புத் துணி போர்த்திய மேடை. முரண்டு செய்தால் கட்டிப்போடத் தரையில் வளையங்கள் அடித்திருந்தார்கள். வெட்டுபவரும் உதவியாளரும் முகமூடியோடு நின்றார்கள். அவர்கள் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சிப்பாய்களின் வரிசைக்கு அப்பால் இருந்த கூட்டத்துக்குக் கேட்காது என்பதால் அரசர் மேடையில் இருந்தவர்களிடமே பேசினார். மக்களின் சுதந்திரம் என்பது நல்ல சட்டத்தின் கீழ் வாழ்வதில் இருக்கிறது, ஆட்சியில் பங்கு கேட்பதில் இல்லை, குடிமகனும் அரசனும் முற்றிலும் வேறு வேறு என்றார். கடைசி மூச்சிலும் ஒரு அங்குலம் இறங்கவில்லை. கழுத்தை வைக்கும் கட்டை மிகத் தாழ்வாக இருந்ததால் ஏறக்குறையக் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது. ஒரே வெட்டு. கூட்டத்திலிருந்து எழுந்த முனகலைப் போல் ஒன்றை முன்பு கேட்டதில்லை, இனி கேட்கவும் விரும்பவில்லை என்று அங்கே நின்ற பிலிப் ஹென்றி என்ற மாணவர் எழுதிவைத்தார்.

மார்ச்சில் முடியாட்சியையும் பிரபுக்கள் சபையையும் ஒழித்தார்கள். இங்கிலாந்து குடியரசானது. அரசரின் ஜெபங்களும் எண்ணங்களும் அடங்கியதாக ஒரு புத்தகம் அவர் இறந்த கையோடு வெளிவந்து, அந்த ஒரே ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் விற்றது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத அன்பு செத்த அரசருக்குக் கிடைத்தது. 1653-இல் கிராம்வெல் அந்த மிச்ச சபையையும் சிப்பாய்களை விட்டு வெளியேற்றினார். அவர் 1658-இல் இறந்தபின் ஏற்பாடெல்லாம் குலைந்து, 1660-இல் சார்லஸின் மகன் அரசனாகத் திரும்பினார்.

இப்போது அந்த மரண ஆணையைத் தேட ஆரம்பித்தார்கள். அன்று மேடைப் பொறுப்பில் இருந்த கர்னல் ஹேக்கரிடம் அது இருந்தது. சிறையில் விசாரித்தபோது, வீட்டில் மனைவியிடம் இருக்கிறது என்றார். அந்த அம்மாள் கொண்டுவந்து கொடுத்தார். கணவரைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கலாம். அது ஐம்பத்தொன்பது பெயர்களும் வரிசையாக எழுதிய குற்றப்பட்டியலாக மாறியது. ஹேக்கரும் குக்கும் உட்பட பத்துப் பேர் 1660 அக்டோபரில் கொல்லப்பட்டார்கள். ஹாலந்துக்கு ஓடிய மூவரைப் பிடித்துக் கொடுத்தவர் ஜார்ஜ் டவுனிங். அந்த மூவரில் ஒருவரின் படைப்பிரிவில்தான் அவர் ஒரு காலத்தில் போதகராக வேலை பார்த்தார். இன்று பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கும் தெருவுக்கு அவர் பெயர்தான். இந்தப் பழியின் நிழல் சென்னைவரைகூட வந்தது. 1665-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பதவி இழந்த எட்வர்ட் விண்டர், புதிதாக வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் அரசருக்கு விரோதமாகப் பேசினார் என்று சொல்லி அவரைச் சிறையில் போட்டுவிட்டுக் கோட்டையைத் தானே ஆண்டார்.

1660 விசாரணை நடந்தது 1352-ஆம் ஆண்டின் அதே பழைய சட்டத்தின்படி: அரசனின் மரணத்தைத் திட்டமிட்ட குற்றம். விசாரித்தவர்கள் வரிசையில் மான்செஸ்டர் பிரபு உட்கார்ந்திருந்தார். 1642-இல் சார்லஸ் கைது செய்ய வந்த ஐவரில் ஒருவரான டென்சில் ஹோல்ஸும் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கறிஞன், என்னிடம் ஒப்படைத்த வழக்கைப் பேசினேன், தீர்ப்புச் சொன்னது நானல்ல என்று குக் வாதாடினார். எடுபடவில்லை. ஜான் டவுன்ஸ் தன் கதையைச் சொன்னார்: எழுந்து நின்றதை, கிராம்வெல் திட்டியதை, தனி அறையில் அழுததை. அதைக் கேட்டுத் தூக்குத் தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றினார்கள். சாகும்வரை அவர் வெளியே வரவில்லை.